அஞ்சு நிமிஷம் பேசணும்

"அஞ்சு நிமிஷம் பேசினாப் போதும் சார், அதுக்கு மேல வேண்டாம்" என்று தலைமையாசிரியை போனில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் கோபம். பள்ளிக்கூடம் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. அங்கே புகைப்பட மன்றம் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறதாம். பிள்ளைகள் எடுத்த படங்களை முதல் தடவையாகச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். பெற்றோரும் ஆசிரியர்களும் வருவார்கள், நான் திறந்துவைத்து நாலு வார்த்தை பேச வேண்டும். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கு இருபத்தெட்டு வருடம் குரூப் போட்டோ எடுத்தவன் நான்தான்.

அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். புகைப்படம் 1839-ல் பாரிஸில் எப்படி அறிவிக்கப்பட்டது என்று தொடங்கி, பெட்டிக் கேமரா, ரோல், கலர், டிஜிட்டல் என்று வரிசையாக வந்து, செல்போனில் முடித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பதினொரு நிமிஷம் ஆனது. அவள் தண்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, "இதெல்லாம் அந்தப் புள்ளைங்க பரீட்சைக்கு எழுதுற மாதிரி இருக்கு. வர்றவங்க வீட்டுப் புள்ள படத்தைப் பாக்க வர்றாங்க. அதுக்கு வழி சொல்லுங்க" என்றாள். கிழித்துப் போட்டேன்.

மெதுவாகப் பேசினால் அஞ்சு நிமிஷத்துக்கு நானூற்றைம்பது வார்த்தை வரும். மைக் சரியில்லாத பள்ளி மைதானம் என்றால் அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் என்ன சொல்வது? வழி சொல்லுங்க என்றாளே, படம் பார்க்க யாருக்கு வழி தெரியாது என்று யோசித்தபோதுதான் அந்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

குரூப் போட்டோ எடுப்பது காலைப் பிரேயர் முடிந்ததும். வெயில் ஏறிவிட்டால் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கும். நடுவில் டீச்சர்களுக்கு நாற்காலி, அவர்கள் காலடியில் குட்டிப் பிள்ளைகள் சம்மணமிட்டு, நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற வரிசை, அதற்கும் பின்னால் பெஞ்ச் போட்டு அதன் மேல் உயரமான பையன்கள். எதிரே நான் ஒரு ஸ்டூலில் ஏறிக்கொள்வேன். தரையில் நின்று எடுத்தால் முன்வரிசைத் தலை பின்வரிசை முகத்தை மறைத்துவிடும். என்னிடம் இருந்தது யாஷிகா, குனிந்து மேலிருந்து பார்க்கிற வகை. அதன் கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும். முதல் வருடம் "கொஞ்சம் அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டிக் காட்டி ஒரு பெண்ணை வரிசையிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டேன். 120 ரோலில் பன்னிரண்டு படம். ஒரு வகுப்புக்கு மூன்று எடுப்பேன், ஐம்பது பிள்ளைகளில் யாராவது ஒருவர் கண்ணை மூடுவது நிச்சயம். ஒரு ரோலுக்கு நாலு வகுப்பு.

ராத்திரி கழுவி, பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிய பிள்ளை முதலில் தன் முகத்தின் மேல் விரலை வைக்கும். அடுத்து பக்கத்தில் நிற்கிற தோழி மேல். அடுத்து, யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று தேடும். வீட்டுக்குப் போனால் அம்மாவும் அதே இடத்தில் விரல் வைப்பாள். அப்படியே பீரோவுக்குள் போய்விடும். பின்னால் தெரிகிற வேப்பமரத்தையோ, சுவரில் பாதி அழிந்த விளம்பரத்தையோ, படத்தின் ஓரத்தில் துடைப்பத்தோடு நிற்கிற ஆயாவையோ யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நம் பிள்ளை எங்கே என்று தேடுவதுதான் நமக்குத் தெரிந்த படம் பார்க்கிற முறை. தப்பு ஒன்றும் இல்லை, நானும் அப்படித்தான்.

இந்தக் கண்காட்சியில் அந்த முறை செல்லாது. ஒரு அம்மா சுவர் முழுக்கத் தேடினாலும் அவள் பெண்ணின் முகம் அகப்படாது. அந்தப் பெண் படத்துக்கு வெளியே, கேமரா இருந்த இடத்தில் இருக்கிறாள். அவளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், இது எங்கே நின்று எடுத்தது என்று யோசிக்க வேண்டும். இதைச் சொன்னால் போதும் என்று தோன்றியது. சொல்வதற்கு முன்னால் படங்களைப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

மன்றத்தில் பதினான்கு பிள்ளைகள். சொந்தக் கேமரா ஒருவரிடமும் இல்லை, எல்லாம் அப்பா அம்மா செல்போன். தேர்ந்தெடுத்த படங்களை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போடுவதாகத் திட்டம். பொறுப்பாசிரியை மாதிரிக்கு இரண்டு போட்டு வைத்திருந்தார். பார்த்ததும் எனக்கு உறுத்தியது. ஒரு பாட்டியின் முகத்தில் சுருக்கங்கள் எண்ணெயில் குழைத்து வரைந்த மாதிரி வழிந்திருந்தன, புடவை ஓரத்தில் கட்டம் கட்டமாகப் பிசிறு. "வாட்ஸ்அப்ல அனுப்பினாங்களா?" என்றேன். ஆமாம். அதுதான் கோளாறு. போனில் எடுத்த படம் நீளவாக்கில் 4000 புள்ளி இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது 1600 போல ஆகிவிடுகிறது. 1600-ஐ 18 அங்குலத்துக்கு இழுத்தால் ஒரு அங்குலத்துக்கு 89 புள்ளிதான். கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கிற படத்துக்கு இருநூறாவது வேண்டும். 4000 என்றால் 222 வருகிறது, தாராளம். அதே படத்தை டாக்குமென்ட் என்று அனுப்பினால் குறையாமல் வரும். பிள்ளைகள் இரண்டே நாளில் திரும்ப அனுப்பினார்கள். மூன்று படங்களுக்கு மட்டும் மூலம் இல்லை, போனில் இடம் போதவில்லை என்று அப்பா அழித்திருக்கிறார். அவற்றைச் சின்னதாக 6-க்கு 9 போட்டோம். சின்னப் படம் என்றால் பார்க்கிறவர்கள் இன்னும் கிட்டே வருவார்கள், அதுவும் நல்லதுதான்.

தேர்ந்தெடுக்க ஒரு சனிக்கிழமை ஆனது. எல்லாவற்றையும் போஸ்ட்கார்டு சைஸில் மலிவாகப் போட்டு லைப்ரரித் தரையில் பரப்பச் சொன்னேன். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். சூரிய அஸ்தமனம் மட்டும் பத்தொன்பது இருந்தது. பள்ளிக்கரணையில், செம்பாக்கம் ஏரியில், மொட்டைமாடியில், மேம்பாலத்தில். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "இதுல உன்னோடது எதுப்பா?" என்றேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தெரியல சார்" என்றான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவனே குனிந்து பத்தொன்பதையும் பொறுக்கி ஓரமாக அடுக்கி வைத்தான். ஒன்றையாவது வைத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஏரிக்கரையில் மாலையில் நின்றதும் நின்றதுதானே.

அந்தச் சனிக்கிழமையில் என்னை உட்கார வைத்தது ஒன்பதாம் வகுப்புப் பையனின் சண்முகம் சாலைப் படம். விடியற்காலை, காய்கறிக்காரர்கள் வருவதற்கு முன்னால், ஒரு பக்கத்துக் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடக்கின்றன. அந்த முழு வரிசையும் ஒரே படமாக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. முதலில் எதிர்ப்பக்கம் ஒரே இடத்தில் நின்று போனைச் சுழற்றி எடுத்திருக்கிறான். நடுவில் இருக்கிற கடை பெரிதாகவும், இரண்டு கோடியிலும் கடைகள் சிறுத்தும், ஷட்டரெல்லாம் வாழைப்பழம் போல வளைந்தும் வந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இருப்பது பெருக்கும், தூரத்தில் இருப்பது சுருங்கும், வேறு வழியில்லை. பிறகு என்ன செய்தான்? சுவரிலிருந்து ஒரே தூரத்தில், சாலையோடு நேராக நடந்தான். ஏழு அடி வைத்து ஒரு படம், இன்னொரு ஏழு அடி வைத்து ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வருகிற மாதிரி. பதினோரு படம். ஒட்ட வைத்தபோது கடைகள் எல்லாம் ஒரே உயரம். ஒரே குறை, முன்னால் நிற்கிற மின்கம்பம் இரண்டு தடவை வந்துவிட்டது. கடை தூரத்திலும் கம்பம் கிட்டத்திலும் இருப்பதால், அவன் நகர நகர கம்பம் கடையை விட வேகமாக நகர்ந்திருக்கிறது. "இதை அழிச்சிடட்டுமா சார்?" என்றான். வேண்டாம் என்றேன். அவன் நடந்தான் என்பதற்கு அந்த இரண்டாவது கம்பம்தான் சாட்சி.

"இதை உனக்கு முன்னாடி ஒருத்தர் செஞ்சிருக்கார்" என்று அவனிடம் சொன்னேன். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலில். சென்னை மாகாண அரசாங்கம் வேலைக்கு வைத்த புகைப்படக்காரர், கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். பெரிய கோயில் விமானத்தின் அடியில் கல்வெட்டு ஓடுகிறதே, அதை முழுசாகப் பிடிக்க வேண்டும் என்று கேமராவைச் சுவரோடு சுவராக நகர்த்திக்கொண்டே போய்ப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். கிட்டத்தட்ட 19 அடி நீளம். அவருக்கு வசதி, கோயில் சுவருக்கு முன்னால் மின்கம்பம் இல்லை. ஆனால் அவர் நெகட்டிவ் கண்ணாடி அல்ல, ஃபிலிம் அல்ல, மெழுகு தடவிய காகிதம். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாமான்கள் மாட்டு வண்டியில் போயின. பையன் கேட்டான், "அவருக்கு யார் சார் கிளப் டீச்சர்?" சென்னையில் ஏற்கெனவே 1855-ல் நடந்த பொருட்காட்சியில் பேலூர், ஹளேபீடு கோயில் படங்களை வைத்துப் பரிசு வாங்கியவர் அவர் என்று சொன்னேன். கண்காட்சி என்ற விஷயமும் நம் ஊருக்குப் புதிதல்ல.

ட்ரைப்பைப் பற்றி இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல நேர்ந்தது கணக்கு வாத்தியாரால். அவர் வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து, "இது எடிட் பண்ணதா? இதுவும் எடிட்டா? அப்புறம் என்ன இருக்கு இதுல?" என்று கேட்டுக்கொண்டே போனார். பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் நீல வெளிச்சத்தில் சீக்கிரம் கெட்டுவிடும். கோயிலுக்கு வேண்டிய அளவு திறந்து வைத்தால் வானம் அளவுக்கு மீறிப் பட்டு, பிரிண்டில் வெறும் வெள்ளையாக, திட்டுத்திட்டாக வரும். ட்ரைப் நெகட்டிவ் மேல் சாயம் தொட்டு மேகங்களைக் கையால் வரைந்தார். 1850-களின் பர்மா, மதுரைப் படங்களில் மிதக்கிற அழகான மேகங்களில் பல அவர் தூரிகையில் பிறந்தவை. நானே நெகட்டிவில் பென்சில் வைத்து எத்தனை மணப்பெண்களின் பருவை எடுத்திருக்கிறேன், டச்சிங் என்போம். டச்சிங் தெரியாதவனுக்கு அன்றைக்கு ஸ்டுடியோவே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதில் தப்பில்லை, இல்லாத ஆளைச் சேர்த்தால் சீட்டில் எழுதிவிட வேண்டும் என்று வாத்தியாருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் ஆனது. வாத்தியார் முழுசாகச் சமாதானமாகவில்லை. அவர் சந்தேகமும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

1859-ல் புதிதாக வந்த கவர்னர் ட்ரெவெல்யன், இந்தப் படமெடுக்கிற வேலை அரசாங்கம் தாங்காத ஆடம்பரம் என்று முடிவு செய்து நிறுத்திவிட்டார். மன்றத்துக்கு வாரத்தில் ஒரு பீரியடு ஒதுக்கப் பட்ட பாட்டைப் பொறுப்பாசிரியை சொன்னபோது எனக்கு அந்தக் கவர்னர் ஞாபகம் வந்தது. மேடையில் சொல்லக்கூடாத நகைச்சுவை.

பேச்சு என்று ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். ஆனால் எங்கே போனாலும் 2015-க்கு வராமல் முடிச்சூர் சாலையைப் பற்றி எழுத முடியாது. டிசம்பர் 1-ம் தேதி மழை. மறுநாள் காலை வரையிலான இருபத்து நாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீருக்குள் போயின. என் கடை முதல் மாடியில் இருந்ததால் தப்பியது. அப்போதே ஸ்டுடியோ என்று பெயர்தான், பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும்தான் பிழைப்பு. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாளிலிருந்து ஜனங்கள் ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு படியேறி வர ஆரம்பித்தார்கள். பாலித்தீன் பையில், தலையணை உறையில், ஒருவர் குக்கரில் போட்டுக் கொண்டுவந்தார்.

வந்தவர்களில் பாதிப் பேர் செய்திருந்த தவறு ஒன்றே, ஆல்பத்தை வெயிலில் காய வைத்திருந்தார்கள். போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் ஊறி ஜவ்வு போல ஆகும், ஒன்றோடொன்று ஒட்டிய நிலையிலேயே காய்ந்தால் பசை போட்ட மாதிரிதான், பிரித்தால் இரண்டு முகமும் உரிந்து வரும். ஈரமாக இருக்கிறவரைக்கும்தான் காப்பாற்ற வழி உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஆல்பத்தாளோடு மூழ்கவைத்து, அரைமணி பொறுத்து, ஓரத்திலிருந்து தண்ணீரே பிரிக்கிற மாதிரி மெல்ல ஆட்ட வேண்டும். படத்தின் முகத்தில் விரல் படக்கூடாது. பிரிந்ததை இன்னொரு தண்ணீரில் சேறு போக அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைக்க வேண்டும். செய்தித்தாள் மேல் வைத்தவர்களுக்கு மகன் நெற்றியில் மைதான் ஏறியது. ஒரே நாளில் இத்தனை பேர் வந்ததால் எல்லோருக்கும் கை போகவில்லை. மிச்சத்தைப் பையில் கட்டி, கரண்ட் வந்ததும் ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னேன். உறைந்திருக்கும்போது கெடாது, நாளை பொறுமையாகப் பிரிக்கலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் பிழைத்தன. வீட்டுப் பிரிண்டரில் மை தெளித்து எடுத்தவை தண்ணீரில் கரைந்து வெறும் காகிதமாகத் திரும்பின.

வரதராஜபுரத்திலிருந்து ஒரு அம்மா கல்யாண ஆல்பம் மூன்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு படத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்த, மகன் மூன்று சக்கர சைக்கிளில் இருக்கிற சாதாரணப் படம். பிரித்துக் காய வைத்துக் கொடுத்தேன். மகன் முகத்தில் ஒரு பக்கம் போயே போய்விட்டது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பின்னால், வாசலில், ஃபோகஸ் இல்லாமல், ஒரு உருவம் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தது. அவருடைய அம்மாவாம். அம்மாவுக்கு வேறு படமே இல்லை, கேமராவைக் கண்டால் உள்ளே போய்விடுவாராம். "அன்னிக்கு எடுத்தது நான் சார். வேப்ப மரத்துப் பக்கத்துல நின்னு எடுத்தேன். அந்த மரமும் இப்ப இல்ல" என்றார். அவர் நின்ற இடத்தைத்தான் சொன்னார், எதை எடுத்தார் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய ஆல்பங்கள் கிடைக்கும். கேமராவும் கிடைக்கும், நான் ஒரு யாஷிகாவை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன், ஷட்டர் ஓடவில்லை. ஆல்பங்களை மட்டும் நான் வாங்குவதில்லை. யாரோ ஒருவரின் கிரகப்பிரவேசத்தில் யாரோ நின்றுகொண்டிருப்பார்கள். எடுத்தவர் யார், எங்கே நின்றார் என்று சொல்ல ஆளில்லாத படம் அப்படித்தான் சாக்கு விரிப்பில் வந்து சேர்கிறது.

என் கணக்கிலும் ஒரு பாக்கி உண்டு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931-லிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடியது. பூங்கா ஸ்டேஷனில் இறங்கி ரோலும் ஹைப்போவும் வாங்கிவர அதில்தான் போவேன், வாரத்துக்கு இரண்டு தடவை. 2004-ல் நிறுத்தினார்கள். இத்தனை வருடம் தோளில் கேமராவோடு ஏறி இறங்கியவன் அந்த வண்டியை ஒரு படம்கூட எடுக்கவில்லை. வாரம் தவறாமல் ஏறுகிற வண்டிக்கு யார் ரோலைச் செலவழிப்பார்கள்? பிள்ளைகளின் படங்களில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் ஆறு இடத்தில் வருகிறது. நல்ல வேளை.

திறப்புக்கு முதல் நாள் மாட்டுகிற வேலை. பிரிண்டுகளை சன்போர்டில் ஒட்டி வந்திருந்தார்கள். இருபக்க டேப்பை நம்பாதீர்கள், இந்தப் புழுக்கத்தில் ராத்திரி ஒவ்வொன்றாக விழும் என்று சொல்லி, சுவரோடு நைலான் கயிறு கட்டி கிளிப் போட்டோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும், சராசரி ஆள் கண்ணுக்கு நேராக. சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, முப்பத்து மூன்று படங்கள் ஏறின. முப்பத்து நாலாவது எந்த உயரத்தில் என்பதில்தான் தகராறு.

ஆறாம் வகுப்புப் பெண் எடுத்தது அது. ஒரு வீட்டு வாசற்படி. ராத்திரி. டியூப்லைட் வெளிச்சம் தரையில் வழிகிறது. இரண்டு பாதங்கள், ஒன்று செருப்பைக் கழற்றிவிட்டது, இன்னொன்று பாதி கழற்றியிருக்கிறது. குதிகால் வெடிப்பு தெரிகிறது. பக்கத்தில் ஒரு டிபன் பை. அவ்வளவுதான், கணுக்காலுக்கு மேல் ஒன்றும் இல்லை. அம்மா சானடோரியம் பக்கத்தில் ஏற்றுமதி மண்டலத்தில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். "எங்கே நின்னு எடுத்தே?" என்றேன். "நிக்கல சார். பாயில படுத்து ஹோம்வொர்க் பண்ணிட்டிருந்தேன்." மற்ற படங்களோடு கோட்டில் மாட்டியபோது அது ஏதோ தரை விளம்பரம் மாதிரி இருந்தது. கழற்றி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைக்கச் சொன்னேன். "கீழே விழுந்துடுச்சுன்னு நினைப்பாங்க சார்" என்றார் ஒரு ஆசிரியை. தூக்கி மேலே மாட்டினார். நான் இறக்கினேன். இப்படி இரண்டு தடவை. கடைசியில் அந்தப் பெண்ணையே கேட்டோம். அவள் சுவருக்கு முன்னால் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு, "இங்கதான்" என்றாள்.

அன்றிரவு பேச்சைத் திரும்ப எழுதினேன். இப்படி வந்தது.

"எல்லோருக்கும் வணக்கம். அஞ்சு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள், நான் நாலில் முடிக்கிறேன். இந்தப் பள்ளியில் உங்களில் சில பேரையே நான் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். பெஞ்சிலிருந்து விழுந்தவர் ஒருவர் இங்கே இருக்கிறார், பேர் சொல்லமாட்டேன். அந்தப் படம் கைக்கு வந்ததும் உங்கள் பிள்ளை எங்கே என்று தேடுவீர்கள். இன்றைக்கும் தேடுங்கள். ஆனால் சுவரில் முகம் இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு இடம் இருக்கிறது, உங்கள் பிள்ளை நின்ற இடம், உட்கார்ந்த இடம். அங்கே போய் நீங்களும் நின்று பாருங்கள்.

"இது என்ன கேமரா, எவ்வளவு விலை, எடிட் பண்ணியதா என்று இன்று ஒரு நாள் கேட்க வேண்டாம். ரொம்ப அழகா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடாதீர்கள், அது பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்துகிற மாதிரி. எங்கே நின்னு எடுத்தே என்று மட்டும் கேளுங்கள். பதில் நீளமாக வரும், கேட்டுக்கொண்டிருங்கள். சண்முகம் சாலைப் படத்தில் ஒரு மின்கம்பம் இரண்டு தடவை வருகிறது. ஏன் என்று அந்தத் தம்பியையே கேளுங்கள், கணக்கு வாத்தியார் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஆசிரியர்களுக்கு ஒன்று. இந்தப் படங்களில் உங்கள் வகுப்பறை நாலு இடத்தில் வருகிறது, நாலும் கடைசி பெஞ்சிலிருந்து. அங்கிருந்து கரும்பலகையில் பாதி தெரியவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

"வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால், இந்த வாரம் எடுத்து ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் யார் எடுத்தது, எங்கே நின்று எடுத்தது என்று பென்சிலில் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். கடைசியாக, முப்பத்து நாலாம் எண் படம் கீழே விழுந்து கிடப்பதாக நினைத்துத் தூக்கி மாட்டிவிடாதீர்கள். அது அங்கேதான் இருக்க வேண்டும். குனிந்தால் போதாது, உட்கார்ந்து பாருங்கள். பாய் போட்டிருக்கிறோம்."

நாலு நிமிஷம் இருபது நொடி ஆனது. பெஞ்சிலிருந்து விழுந்தவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார். அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவுக்கு அன்று சாயங்கால ஷிப்ட், வரவில்லை. கண்காட்சியை ஞாயிறு வரைக்கும் தினம் ராத்திரி எட்டு மணிவரை திறந்து வைத்திருந்தார்கள்.